நடுவரின் கையும் ஸ்கோரரின் பென்சிலும்: பள்ளி ஆட்டங்களுக்கான சைகை விளக்கம்

பள்ளி ஆட்டமொன்றில் ஸ்கோர் எழுத முதன்முறையாக அமரும் மாணவர் பெரும்பாலும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் நான்கு என்றும், மட்டையாளர்கள் ஒருமுறை ஓடி இடம் மாறினால் ஒன்று என்றும் எழுதிக்கொண்டே போவார். அப்படி எழுதினாலும் அணியின் மொத்த ரன்கள் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். தவறு வெளியே தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம். அந்த நான்கு ரன்கள் மட்டையாளருக்கு உரியவையா, பந்துவீச்சாளரின் கணக்கில் சேர வேண்டியவையா, அல்லது இருவருக்கும் தொடர்பில்லாத உதிரி ரன்களா என்பதைப் பந்தின் ஓட்டம் சொல்லாது. அதைச் சொல்வது பந்துவீச்சு முனையில் நிற்கும் நடுவரின் கை மட்டுமே.

இதை நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது ஒரு தவறின் வழியாகக் கற்றுக்கொண்டேன். புங்கமரத்தடியில் போட்டிருந்த மேசையில் நானும் எதிரணிப் பள்ளியின் மாணவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் அணியின் தொடக்க மட்டையாளர் 46 ரன்களில் இருந்தபோது, பந்து அவருடைய தொடைக் காப்பில் பட்டு ஃபைன் லெக் பக்கம் எல்லைக்கோட்டைத் தாண்டியது. முந்தைய பந்துக்கு எழுதியதில் ஏதோ பிசகி, நான் குனிந்து அழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நடுவர் கையை இடவலமாக வீசிக்கொண்டிருந்தார். பவுண்டரி என்று புரிந்துகொண்டு கையை உயர்த்தினேன். மட்டையாளருக்கு நான்கு எழுதினேன். அரைச்சதம் என்று அறிவிப்பும் செய்துவிட்டார்கள். பவுண்டரிச் சைகைக்கு முன்பாகவே நடுவர் முழங்காலைத் தூக்கித் தொட்டுக் காட்டியிருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்து, நான்கு லெக் பை என்று எழுதியிருந்தார். இன்னிங்ஸ் முடியும்வரை எங்கள் இரு புத்தகங்களின் மொத்தமும் ஒன்றாகவே இருந்ததால், ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. முடிவில் ஒப்பிட்டபோது ஒரு புத்தகத்தில் 50, மற்றொன்றில் 46 என்று இருந்தது. எது சரி என்று நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின், கைதட்டல் வாங்கிய ஒருவரிடம் போய் அவர் அரைச்சதம் அடிக்கவில்லை என்று சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

ஆகவே சைகைகளின் உருவத்தை மனப்பாடம் செய்வதோடு, ஒவ்வொரு சைகையும் புத்தகத்தில் எந்தக் கட்டத்தை மாற்றுகிறது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். கீழே உள்ள விளக்கம் மேரிலிபோன் கிரிக்கெட் கழகத்தின் விதிகளைத் தழுவியது. சைகைகள் இரண்டாம் விதியிலும், ஸ்கோரரின் கடமைகள் மூன்றாம் விதியிலும் சொல்லப்பட்டுள்ளன.

இரண்டு நேரங்கள்

நடுவரின் சைகைகள் எல்லாம் ஸ்கோரருக்காகச் செய்யப்படுபவை அல்ல. பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே காட்டப்படும் சைகைகள் நான்கு. ஒரு கையை மட்டும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டினால் நோ பால். இரு கைகளையும் அதேபோல் இருபுறமும் நீட்டினால் வைடு. இரு மணிக்கட்டுகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்காக வைத்து, விலக்கி, மீண்டும் குறுக்காக வைத்தால் டெட் பால். சுட்டுவிரலைத் தலைக்கு மேலே உயர்த்தினால் மட்டையாளர் ஆட்டமிழந்தார். இவை முதலில் ஆடுகளத்தில் இருப்பவர்களுக்காகச் செய்யப்படுபவை. நடுவர் அப்போது ஸ்கோரரின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பந்து ஓய்ந்த பிறகே நடுவர் ஸ்கோரரை நோக்கித் திரும்புகிறார். திரும்பியதும், முன்பு காட்டிய நோ பால், வைடு, டெட் பால் ஆகியவற்றை ஸ்கோரருக்காக மீண்டும் ஒருமுறை காட்டுவார். ஆட்டமிழப்புச் சைகையை மட்டும் திரும்பக் காட்ட மாட்டார். எனவே விரல் உயர்ந்ததை ஸ்கோரரே கவனித்துக்கொள்ள வேண்டும். எப்படி ஆட்டமிழந்தார், பிடித்தவர் யார் என்பதையும் கேட்டோ பார்த்தோ அறிந்துகொள்ள வேண்டும். ஸ்டம்ப் சிதறி மட்டையாளர் தாமாகவே நடந்துவிட்டால் பல நடுவர்கள் விரலை உயர்த்துவதே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கோரருக்காகவே செய்யப்படும் சைகைகள் இதன் பிறகு வருகின்றன. ஒரு கையை இடவலமாக வீசி, கடைசியில் மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினால் நான்கு ரன் பவுண்டரி. இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினால் ஆறு. இவ்விரண்டையும் தொலைக்காட்சியில் பார்த்து எல்லோரும் அறிந்திருப்பார்கள். சாதாரணமாக ஓடி எடுக்கும் ரன்களுக்குச் சைகையே கிடையாது என்பதைத்தான் பல புதியவர்கள் அறியாமல் நடுவரைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். மட்டையில் பட்டு ஓடி எடுத்த ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றை ஸ்கோரர் தம் கண்ணால் எண்ணி எழுத வேண்டும். நடுவர் ஒன்றும் காட்டவில்லை என்றால், அந்த ரன்கள் மட்டையாளருக்கும் பந்துவீச்சாளருக்கும் உரியவை என்று பொருள்.

உதிரி ரன்களின் நான்கு வகை

பையும் லெக் பையும் புதியவர்களை அதிகம் குழப்புகின்றன. பந்து மட்டையிலோ மட்டையாளரின் உடலிலோ படாமல் சென்று, அதில் ரன் எடுக்கப்பட்டால் அது பை. நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கை அசையாமல் நிற்கும். மட்டையில் படாமல் உடலிலோ காப்புகளிலோ பட்டுச் சென்ற பந்தில் ரன் எடுக்கப்பட்டால் அது லெக் பை. நடுவர் ஒரு முழங்காலை மடக்கித் தூக்கி, அதைக் கையால் தொட்டுக் காட்டுவார். பந்து காலில்தான் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தோளில் பட்டுச் சென்றாலும் பெயர் லெக் பைதான். இவ்விரு வகை ரன்களும் அணியின் மொத்தத்தில் சேரும், உதிரி ரன்களில் சேரும். மட்டையாளருக்கும் சேராது, பந்துவீச்சாளர் கொடுத்த ரன்களிலும் சேராது.

வைடின் கணக்கு வேறு. வைடு வீசப்பட்டால் ஒரு ரன் தண்டமாகக் கிடைக்கிறது. அந்தப் பந்தில் மட்டையாளர்கள் ஓடினாலும், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாலும், அந்த ரன்கள் அனைத்தும் வைடு என்றே எழுதப்பட்டுப் பந்துவீச்சாளரின் கணக்கில் சேர்கின்றன. ஆகவே வைடுக்குப் பிறகு நடுவர் பை சைகை காட்டுவதில்லை. வைடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் இரு கைகளையும் நீட்டி, அடுத்துப் பவுண்டரிச் சைகை காட்டுவார். ஸ்கோரர் ஐந்து வைடு என்று எழுதுவார்.

நோ பாலில் நிலைமை சற்று நுட்பமானது. தண்டமாகக் கிடைக்கும் ஒரு ரன் மட்டுமே நோ பால் என்ற பெயரில் எழுதப்பட்டுப் பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறுகிறது. அதற்கு மேல் கிடைத்த ரன்கள் மட்டையில் பட்டு வந்திருந்தால் மட்டையாளருக்கு உரியவை. படாமல் வந்திருந்தால் பை அல்லது லெக் பை. 2017 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பில்தான் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முன்பு, நோ பாலில் மட்டையில் படாமல் வந்த ரன்களும் நோ பால் என்றே எழுதப்பட்டுப் பந்துவீச்சாளரின் தலையில் விழுந்தன. பழைய வழிகாட்டிகளை வைத்துப் பயிற்சி பெற்ற ஸ்கோரர்கள் இன்றும் பழைய முறையிலேயே எழுதுவதுண்டு. பக்கத்தில் அமர்பவர் எந்த முறையில் எழுதுகிறார் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொண்டால், பிறகு வாதிட நேராது.

புத்தகத்தில் இவற்றுக்கு வழக்கமாக இடும் குறிகள் எளியவை. வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம், பைக்கு உச்சி மேலே நோக்கிய முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். குறிக்குள்ளோ பக்கத்திலோ ரன்களின் எண்ணிக்கையை எழுதலாம். குறிகள் இடத்துக்கு இடம் சற்று மாறுபடும். இருவரும் ஒரே குறியைப் பயன்படுத்தினால் ஒப்பிடுவது எளிது.

லெக் பை தொடர்பாக இன்னொன்று உண்டு. மட்டையாளர் பந்தை அடிக்க முயலாமலும், பந்திலிருந்து விலக முயலாமலும் காலை நீட்டித் தடுத்து, அதில் ரன் ஓடினால் அந்த ரன் செல்லாது. முதல் ரன் முடிந்ததும், அல்லது பந்து எல்லைக்கோட்டை எட்டியதும், நடுவர் டெட் பால் சைகை காட்டி மட்டையாளர்களைப் பழைய முனைகளுக்கே அனுப்புவார். ஓடியதைப் பார்த்து ஒன்று எழுதிவிட்ட ஸ்கோரர் அதை அழித்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டும். ரன் இல்லையே தவிர, அந்தப் பந்து ஓவரின் ஆறு பந்துகளில் ஒன்றாகவே எண்ணப்படும்.

தோளைத் தொடும் சைகைகள்

தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும் நான்கு சைகைகள் உள்ளன. நான்கிலும் நடுவரின் விரல்கள் தோளைத் தொடும். எந்தக் கை எந்தத் தோளைத் தொடுகிறது, ஒரு கையா இரு கைகளா, கை அசைகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் பிரித்தறியலாம்.

ஒரு கையை மடக்கி, விரல் நுனிகளால் அதே பக்கத்துத் தோளைத் தொட்டால் ஷார்ட் ரன். அதாவது மட்டையாளர் ஒருவர் ஓடித் திரும்பும்போது கிரீஸுக்குள் மட்டையையோ காலையோ ஊன்றாமல் திரும்பிவிட்டார். அந்த ரன் கணக்கில் சேராது. எத்தனை ரன்கள் எழுத வேண்டும் என்பதையும் நடுவர் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலோர் விரல்களால் காட்டிவிடுவார்கள். மூன்று ஓடி ஒன்று குறைந்தால் இரண்டு எழுத வேண்டும்.

ஒரு கையைக் குறுக்கே கொண்டுபோய் எதிர்ப்பக்கத் தோளில் பலமுறை தட்டினால், மட்டையாடும் அணிக்கு ஐந்து தண்ட ரன்கள். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தரையில் வைத்திருந்த தலைக்கவசத்தில் பந்து பட்டால் இது நிகழும். அதே எதிர்ப்பக்கத் தோளில் கையை வைத்து, தட்டாமல் அப்படியே நிறுத்தினால், களத்தடுப்பு அணிக்கு ஐந்து தண்ட ரன்கள். எச்சரித்த பிறகும் மட்டையாளர் ஆடுகளத்தின் நடுப்பகுதியில் ஓடிச் சேதப்படுத்துவது போன்ற செயல்களுக்கு இது வழங்கப்படும். தட்டினால் ஆடும் அணிக்கு, நிறுத்தினால் நிற்கும் அணிக்கு என்று எங்களுக்கு ஒரு மூத்த ஸ்கோரர் சொல்லித் தந்தார். இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. இந்த ஐந்து ரன்களும் எந்தப் பந்துவீச்சாளரின் கணக்கிலும் சேராது. களத்தடுப்பு அணி இன்னும் மட்டையாடவில்லை என்றால், அதன் இன்னிங்ஸ் விக்கெட் இழப்பின்றி ஐந்து ரன்களில் தொடங்கும். ஏற்கெனவே ஆடி முடித்திருந்தால் அந்த இன்னிங்ஸின் மொத்தத்தோடு சேர்க்கப்படும்.

நான்காவது சைகையில் இரு கைகளும் மார்புக்குக் குறுக்கே சென்று எதிரெதிர்த் தோள்களைத் தொடும். முன்பு காட்டிய சைகையை நடுவர் திரும்பப் பெறுகிறார் என்று இதற்குப் பொருள். வைடு என்று கைகளை நீட்டிய பிறகு பந்து மட்டையின் ஓரத்திலோ மட்டையாளரின் உடலிலோ பட்டுவிட்டால் வைடு செல்லாது. நடுவர் தோள்களைத் தொட்டு அதை நீக்குவார். நான்கு என்று காட்டிவிட்டு, பந்து தரையில் படாமலேயே எல்லைக்கோட்டைத் தாண்டியது என்று பிறகு தெரிந்தாலும், முதலில் இந்தச் சைகை, அடுத்து ஆறுக்கான சைகை என்ற வரிசையில் வரும். இதற்காகவே பேனாவைவிடப் பென்சிலை நான் பரிந்துரைக்கிறேன்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் புதிய பந்து எடுக்கப்பட்டது. உயர்த்திய மணிக்கட்டை மறு கையால் சுட்டினால் கடைசி ஒரு மணி நேரம் தொடங்குகிறது. ஒருநாள் பள்ளி ஆட்டங்களில் இதற்கு வேலை இல்லை. நோ பாலுக்குப் பிறகு ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி வட்டமாகச் சுழற்றுவது ஃப்ரீ ஹிட். இது மேரிலிபோன் விதிகளில் இல்லை. வரையறுக்கப்பட்ட ஓவர் போட்டிகளின் ஆட்ட நிபந்தனைகளில் உள்ளது. பை சைகையில் விரிந்த கை அசையாமல் நிற்கும், ஃப்ரீ ஹிட்டில் கை சுழலும் என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

எல்லா நடுவர்களும் இவற்றை ஒரே வடிவில் காட்டுவதில்லை. நியூசிலாந்தின் பில்லி பௌடன், முடக்குவாதத்தின் காரணமாக, சுட்டுவிரலை நேராக நீட்டாமல் வளைத்தே உயர்த்தினார் என்பது பலரும் அறிந்தது. பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரே நடுவர். சிலர் முழங்காலைத் தூக்காமல் தொடையை மட்டும் தட்டுவார்கள். ஆட்டத்துக்கு முன்பு அவரிடம் சென்று, எங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதைக் காட்டிவிட்டு, லெக் பை சைகையை எப்படிக் காட்டுவார் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

ஸ்கோரரின் ஒரே சைகை

நடுவருக்கு இத்தனை சைகைகள் இருக்க, ஸ்கோரருக்கு ஒன்றே ஒன்றுதான்: பார்த்துவிட்டேன் என்று தெரிவிப்பது. கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி, நடுவர் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். பார்வையாளர் கூட்டம் பின்னால் இருந்தால் ஒரு வெள்ளை அட்டையை உயர்த்திக் காட்டலாம். சில மைதானங்களில் இதற்காக விளக்கைப் போட்டு அணைப்பார்கள்.

ஒவ்வொரு சைகைக்கும் தனித்தனியே கை உயர்த்த வேண்டும் என்று விதி சொல்கிறது. நடுவர் மூன்று சைகைகளை அடுத்தடுத்துக் காட்டினால், மூன்று முறை கை உயர வேண்டும். நிகழ்ந்த வரிசையிலேயே சைகைகளைக் காட்டுவதும், ஒவ்வொன்றுக்கும் ஸ்கோரரின் பதில் வந்த பிறகே ஆட்டத்தைத் தொடரவிடுவதும் நடுவரின் கடமை. நான் செய்த பிழை இங்கேதான் நேர்ந்தது: இரண்டு சைகைகளுக்கு ஒரே முறை கை உயர்த்தினேன், அவரும் அதை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார். இருவர் எழுதும்போது, ஒருவர் சைகையின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் அதைத் திரும்பச் சொன்ன பிறகு கை உயர்த்துவது நல்ல பழக்கம். சைகை புரியவில்லை என்றால் கையை உயர்த்தவே கூடாது. பதில் வராததைக் கண்டு நடுவர் மீண்டும் காட்டுவார். அவர் கவனிக்காமல் அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால், ஓவரையும் பந்தையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு இடைவேளையில் கேட்கலாம்.

நடுவர் காட்டியது தவறு என்று ஸ்கோரருக்குத் தோன்றினால் என்ன செய்வது? காட்டியதையே எழுத வேண்டும். 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், கடைசி ஓவரின் நான்காவது பந்தில் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்த பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர் குமார் தர்மசேன சக நடுவரோடு பேசிவிட்டு ஆறு ரன்கள் என்று காட்டினார். எறியப்பட்ட கணத்தில் மட்டையாளர்கள் இரண்டாவது ரன்னில் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை என்பதால் விதிப்படி ஐந்து ரன்களே வர வேண்டும் என்று பிறகு முன்னாள் நடுவர் சைமன் டஃபல் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினார்கள். ஆயினும் புத்தகத்தில் ஏறியது ஆறுதான்; இன்றும் ஆறாகவே இருக்கிறது. ரன்களை எண்ணுவதில் ஐயம் எழுந்தால் ஸ்கோரர் நடுவரிடம் கேட்கலாம். தீர்ப்பைத் தாமே திருத்தி எழுத முடியாது.

ஓர் ஓவரை எழுதிப் பார்த்தல்

இரண்டு விக்கெட் இழப்புக்கு 42 ரன்கள் என்ற நிலையில் ஓர் ஓவர் தொடங்குகிறது என்று கொள்வோம். வலக்கை மட்டையாளர் பந்தை எதிர்கொள்ள, இடக்கை மட்டையாளர் மறுமுனையில் நிற்கிறார்.

முதல் பந்தை வலக்கையர் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடுகிறார். நடுவர் எதுவும் காட்டவில்லை. வலக்கையருக்கு 1, பந்துவீச்சாளருக்கு 1, மொத்தம் 43.

அடுத்த பந்தில் பந்துவீச்சாளரின் கால் கோட்டைத் தாண்டிவிடுகிறது; நடுவர் ஒரு கையை நீட்டுகிறார். பந்து இடக்கையரின் மட்டையில் படாமல், விக்கெட் கீப்பரையும் ஏமாற்றி எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. நடுவர் ஸ்கோரர் பக்கம் திரும்பி ஒரு கையை நீட்டுகிறார். ஸ்கோரரின் கை உயர்கிறது. விரித்த கையைத் தலைக்கு மேலே உயர்த்துகிறார். மீண்டும் ஸ்கோரரின் கை உயர்கிறது. கையை இடவலமாக வீசுகிறார். மூன்றாம் முறை கை உயர்கிறது. நோ பால் 1, பை 4, மொத்தம் 48. பந்துவீச்சாளருக்கு 1 மட்டுமே. இந்தப் பந்து ஓவரில் எண்ணப்படாது. ஆனால் இடக்கையர் எதிர்கொண்ட பந்துகளில் சேரும்.

மூன்றாவதாக வீசப்பட்ட பந்தை இடக்கையர் நான்குக்கு அடிக்கிறார். பவுண்டரிச் சைகை மட்டும் வருகிறது. இடக்கையருக்கு 4, பந்துவீச்சாளருக்கு 4, மொத்தம் 52. ஓவரில் இரண்டு பந்துகள் முடிந்துள்ளன.

அடுத்து வைடு. விக்கெட் கீப்பர் தவறவிட, மட்டையாளர்கள் ஒரு ரன் ஓடுகிறார்கள். நடுவர் இரு கைகளையும் நீட்டுவதோடு சரி. ஓடிய ஒரு ரன்னை ஸ்கோரரே எண்ணிக்கொள்ள வேண்டும். வைடு 2, பந்துவீச்சாளருக்கு 2, மொத்தம் 54. இதுவும் ஓவரில் எண்ணப்படாது. மட்டையாளர் எதிர்கொண்ட பந்தாகவும் ஆகாது. இப்போது வலக்கையர் ஆட வேண்டும்.

அடுத்த பந்து வலக்கையரின் காலில் பட்டு ஒரு ரன் கிடைக்கிறது. முழங்கால் உயர்கிறது. லெக் பை 1, பந்துவீச்சாளருக்கு எதுவும் இல்லை, மொத்தம் 55.

அதற்கடுத்த பந்தை இடக்கையர் ஆழமாகத் தள்ளிவிட்டு மூன்று ரன்கள் ஓடுகிறார். ஒருமுறை மட்டை கிரீஸை எட்டவில்லை. நடுவர் விரல் நுனிகளால் அதே பக்கத்துத் தோளைத் தொட்டு, இரண்டு என்று காட்டுகிறார். இடக்கையருக்கு 2, பந்துவீச்சாளருக்கு 2, மொத்தம் 57. இங்கே ஸ்கோரர்கள் தடுமாறுவது வழக்கம். இரண்டு ரன்கள் என்று எழுதிவிட்டதால் இடக்கையரே மீண்டும் ஆடுவார் என்று எண்ணிவிடுவார்கள். அவர்கள் ஓடியதோ மூன்று முறை. வேண்டுமென்றே செய்யாத ஷார்ட் ரன்னுக்காக முனைகள் திரும்ப மாற்றப்படுவதில்லை. எனவே அடுத்த பந்தை எதிர்கொள்பவர் வலக்கையர்.

ஐந்தாவது பந்தில் வலக்கையர் விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுக்கிறார். விரல் உயர்கிறது, அது ஸ்கோரருக்குத் திரும்பக் காட்டப்படாது. மூன்று விக்கெட்டுக்கு 57. புதிதாக வந்தவர் கடைசிப் பந்தைத் தடுத்தாட, ஓவர் முடிகிறது.

இப்போது சரிபார்க்கலாம். மொத்தத்தில் கூடியது 15. மட்டையாளர்கள் எடுத்தது 1, 6 ஆக 7. உதிரி ரன்கள் நோ பால் 1, பை 4, வைடு 2, லெக் பை 1 ஆக 8. இரண்டும் சேர்ந்து 15. பந்துவீச்சாளர் கொடுத்ததைக் கூட்டினால் 1, 1, 4, 2, 2 ஆக 10. அதோடு பை 4, லெக் பை 1 சேர்ந்தால் மீண்டும் 15. வீசப்பட்ட பந்துகள் எட்டு. அவற்றில் நோ பாலும் வைடும் நீங்க ஆறு.

இரண்டாவது பந்தில் நடுவர் விரித்த கையை உயர்த்தியதை ஸ்கோரர் பார்க்கத் தவறியிருந்தால் என்ன ஆகும்? நோ பாலில் மட்டையால் அடிக்கப்பட்ட நான்கு என்று எழுதியிருப்பார். இடக்கையருக்கு 6க்குப் பதில் 10, பந்துவீச்சாளருக்கு 10க்குப் பதில் 14, உதிரி ரன்கள் 8க்குப் பதில் 4. கூட்டிப் பார்த்தால் அவருடைய புத்தகத்திலும் மட்டையாளர்களின் 11, உதிரி ரன்கள் 4 சேர்ந்து 15. பந்துவீச்சாளரின் 14, லெக் பை 1 சேர்ந்து 15. தம் புத்தகத்துக்குள் எத்தனை முறை கூட்டினாலும் பிழை தென்படாது. பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தோடு ஒப்பிடும்போதும் மொத்தத்தை மட்டும் கேட்டால் தென்படாது.

அதனால் ஒவ்வொரு ஓவர் முடிவிலும் இரு ஸ்கோரர்களும் மொத்தத்தோடு உதிரி ரன்களின் எண்ணிக்கையையும், அந்தப் பந்துவீச்சாளர் கொடுத்த ரன்களையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரிந்தால், சைகை காட்டியவருக்கே அது இன்னும் நினைவில் இருக்கும் அந்த ஓவர் இடைவெளியில், அல்லது தண்ணீர் இடைவேளையில், நடுவரிடம் கேட்டுத் திருத்திவிடலாம். ரன்கள், விக்கெட்டுகள், ஓவர்கள் ஆகியவற்றை ஒவ்வொரு பெரிய இடைவேளையிலும் ஆட்ட முடிவிலும் நடுவர்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனால் பைக்கும் மட்டையின் நான்குக்கும் இடையிலான குழப்பத்தை அதுவரை தள்ளிப்போட்டால், அந்தப் பந்தை நினைவில் வைத்திருப்பவர் மைதானத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்.